அட்டவணையில் இல்லாத திட்டங்கள்

2018ஆம் ஆண்டின் முதல் பாதியில், மியூச்சுவல் ஃபண்டில் பணம் போட்டிருந்த பலருக்கு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ வந்திருக்கும். ‘நீங்கள் முதலீடு செய்துள்ள திட்டம் எங்களுடைய இன்னொரு திட்டத்துடன் இணைக்கப்படுகிறது, விருப்பமில்லாதவர்கள் 30 நாளுக்குள் பணத்தை எடுத்துக்கொள்ளலாம், அதற்கு வெளியேறும் கட்டணம் கிடையாது’ என்பது அதன் சாரம். படித்தவர்களில் பலர் சரி என்று விட்டுவிட்டார்கள். படிக்காதவர்கள் அடுத்த மாதக் கணக்கு அறிக்கையில் புதுப் பெயரைப் பார்த்து விழித்தார்கள்.

இதற்குக் காரணம் செபி 2017 அக்டோபர் 6ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கை. அதற்கு முன்பு ஒரே நிறுவனம் ஒரே மாதிரியான பங்குத் திட்டங்களை ‘குரோத்’, ‘ஆப்பர்ச்சூனிட்டீஸ்’, ‘அட்வான்டேஜ்’ என்று வெவ்வேறு பெயர்களில் விற்றுக்கொண்டிருந்தது. பெயரைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாத நிலை. செபி எல்லாத் திட்டங்களையும் 36 வகைகளாகப் பிரித்து, சில விதிவிலக்குகள் போக, ஒரு நிறுவனம் ஒரு வகையில் ஒரு திட்டம்தான் வைத்திருக்கலாம் என்று சொல்லிவிட்டது. சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்கள் லார்ஜ் கேப், அடுத்த 150 மிட் கேப், மீதி ஸ்மால் கேப் என்ற வரையறையும் அப்போது வந்ததுதான். முதலீட்டாளருக்கு நல்லது செய்த உத்தரவு அது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சில மாதங்களில் ஏராளமான திட்டங்கள் ஒன்றோடொன்று கலந்தன. அவற்றின் பழைய வரலாறு எங்கே போனது என்று கேட்டவர்கள் குறைவு.

ஒரு இணைப்பு எப்படி நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். நிறுவனத்தின் இயக்குநர் குழுவும் அறங்காவலர்களும் ஒப்புதல் தருவார்கள், செபியிடம் போகும், முதலீட்டாளருக்கு அறிவிப்பு வரும், குறித்த நாளில் யூனிட்டுகள் மாற்றப்படும். உங்களிடம் பழைய திட்டத்தில் 1,000 யூனிட் இருக்கிறது, அன்றைய என்.ஏ.வி. 18 ரூபாய் 40 காசு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 18,400 ரூபாய். போய்ச் சேரும் திட்டத்தின் என்.ஏ.வி. 92 ரூபாய் என்றால் உங்களுக்கு 200 யூனிட் கிடைக்கும். பணத்தின் மதிப்பில் ஒரு காசு கூடவோ குறையவோ இல்லை.

போய்ச் சேர்ந்த திட்டத்தின் பக்கம் நின்று இதையே பாருங்கள். அதன் என்.ஏ.வி. முந்தின நாள் 92, இணைப்பு நாளிலும் 92. கடந்த ஐந்து வருட வருமானம், பத்து வருட வருமானம் எல்லாம் அப்படியே நிற்கின்றன. நிர்வகிக்கும் தொகை மட்டும் ஒரே நாளில் தாவி ஏறுகிறது. தோற்ற திட்டத்தின் பணம் உள்ளே வருகிறது, தோற்ற கதை வாசலிலேயே நின்றுவிடுகிறது. அட்டவணையில் ‘நிர்வகிக்கும் தொகை’ என்று ஒரு பத்தி இருக்குமே, அதைப் பார்த்து ‘எவ்வளவு பேர் நம்பிப் பணம் போட்டிருக்கிறார்கள்!’ என்று வியப்பவரும் உண்டு. அதில் ஒரு பகுதி யாரும் தேர்ந்தெடுத்துப் போட்ட பணமே இல்லை.

பழைய திட்டத்தின் என்.ஏ.வி. வரிசை அந்த நாளோடு நின்றுவிடும். செயலிகளும் பத்திரிகைகளும் வெளியிடும் தரவரிசை, இன்றைக்கு விற்பனையில் உள்ள திட்டங்களை எடுத்து, ஒவ்வொன்றும் ஒரு வருடம், மூன்று வருடம், ஐந்து வருடம், பத்து வருடம் முன்பு என்ன விலையில் இருந்தது என்று பின்னோக்கிக் கணக்கிடுவது. இன்று விலை இல்லாத திட்டத்துக்கு அதில் வரி கிடையாது. யாரும் திட்டமிட்டு அழிக்கவில்லை, கணக்கின் அமைப்பே அப்படி. வாங்கப் போகிறவருக்கு உயிரோடு இல்லாத திட்டத்தைக் காட்டி என்ன பயன் என்பதும் நியாயமான வாதம்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2015 நிதிச் சட்டத்தில் ஒரு சலுகை வந்தது. பங்குத் திட்டம் இன்னொரு பங்குத் திட்டத்தோடு இணைந்தால் அது விற்பனையாகக் கருதப்படாது; மூலதன ஆதாய வரி அப்போது கிடையாது. பின்னால் நீங்கள் விற்கும்போது, பழைய திட்டத்தை முதலில் வாங்கிய தேதியும் விலையுமே கணக்கில் வரும். ஆக, வருமான வரித் துறையைப் பொறுத்தவரை மறைந்த திட்டத்தின் கதை தொடர்கிறது. தரவரிசை அட்டவணைக்குத்தான் அது முடிந்துபோன கதை.

யாருடைய வரலாற்றை வைத்துக்கொள்வது என்பதற்கும் விதி இருக்கிறது. 2018 ஏப்ரல் 12ஆம் தேதி செபி இன்னொரு சுற்றறிக்கை வெளியிட்டது. இணைந்தபின் எந்தத் திட்டத்தின் தன்மை நீடிக்கிறதோ, அதன் பழைய வருமானத்தைக் காட்ட வேண்டும். இரண்டும் ஒரே தன்மையுள்ளவையாக இருந்து, இணைந்த பிறகும் அதே தன்மை நீடித்தால், இரண்டின் வருமானத்தையும் அவற்றின் அளவுக்கேற்ப எடையிட்டுச் சராசரி காட்ட வேண்டும். இரண்டுமே மாறி முற்றிலும் புதிதாக ஒன்று பிறந்தால் பழைய வரலாறு எதையும் காட்டத் தேவையில்லை.

இந்த விதி நடைமுறையில் எப்படி இயங்கியது என்பதற்கு ஹெச்.டி.எஃப்.சி. பேலன்ஸ்டு அட்வான்டேஜ் ஃபண்ட் நல்ல உதாரணம். நாட்டின் மிகப் பெரிய கலப்புத் திட்டங்களில் ஒன்று அது. அதன் தொடக்க நாள் 1994 பிப்ரவரி 1 என்று ஆவணங்களில் இருக்கும். 30 வருடத்துக்கும் மேலான பாரம்பரியம் என்று முகவர்கள் பெருமையாகக் காட்டுவார்கள். அந்த வரலாறு ஹெச்.டி.எஃப்.சி. புரூடென்ஸ் ஃபண்டுடையது. புரூடென்ஸ் ஒரு காலத்தில் ஜூரிச் இந்தியா நிறுவனத்தின் கையில் இருந்தது. 2003இல் அந்த நிறுவனத்தின் திட்டங்களை ஹெச்.டி.எஃப்.சி. வாங்கியபோது கூடவே வந்தது.

2018இல் நடந்த இணைப்பைச் சட்டத்தின் கண்ணால் பார்த்தால் கதை தலைகீழ். அதே நிறுவனத்தில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஹெச்.டி.எஃப்.சி. குரோத் ஃபண்ட் என்றொரு பங்குத் திட்டம் இருந்தது. அந்தத் திட்டத்தின் அடிப்படைத் தன்மை மாற்றப்பட்டு, பேலன்ஸ்டு அட்வான்டேஜ் என்று புதுப் பெயர் வைக்கப்பட்டது. அதற்குள்தான் புரூடென்ஸ் இணைக்கப்பட்டது. அதாவது, சட்டப்படி தொடர்வது குரோத் ஃபண்ட், கரைந்துபோனது புரூடென்ஸ். ஆனால் புதிய திட்டத்தின் முதலீட்டு அமைப்பு புரூடென்ஸை ஒத்திருப்பதால் புரூடென்ஸின் வருமான வரலாறே காட்டப்படுகிறது. இதை அந்த நிறுவனம் ஒளிக்கவில்லை. மாதாந்திர அறிக்கையின் அடிக்குறிப்பில், செபியின் சுற்றறிக்கையைச் சுட்டிக்காட்டி, தெளிவாகவே எழுதியிருந்தது. பல மடங்கு பெரிய திட்டமான புரூடென்ஸின் வரலாற்றை வைத்ததுதான் நியாயம் என்றுகூடச் சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

குரோத் ஃபண்டின் 18 வருடப் பதிவு மட்டும் எந்த அட்டவணையிலும் உட்கார இடமில்லாமல் போய்விட்டது. பங்குத் திட்டங்களின் பட்டியலில் அது இல்லை, ஏனென்றால் அது இப்போது பங்குத் திட்டம் அல்ல. கலப்புத் திட்டங்களின் பட்டியலிலும் இல்லை, அங்கே புரூடென்ஸின் எண்கள் இருக்கின்றன. அந்தப் பதிவு நல்லதா மோசமா என்பது இங்கே பேச்சில்லை. 2000ஆம் ஆண்டில் ஒருவர் கண்ணெதிரே இருந்த பங்குத் திட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்று கணக்குப் போட உட்கார்ந்தால், அன்று கடையில் இருந்த ஒரு சரக்கு இன்றைய பட்டியலில் இல்லை. இப்படி எத்தனையோ.

இன்னும் பின்னால் போனால் திட்டங்கள் மட்டுமல்ல, நிறுவனங்களே காணாமல் போயிருக்கின்றன. 1993 ஜூலையில் பதிவான முதல் தனியார் மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனம் கோத்தாரி பயனியர். சென்னையில் பிறந்த நிறுவனம். அது பிராங்க்ளின் டெம்பிள்டன் கைக்குப் போனாலும், அன்று தொடங்கிய புளூசிப், பிரைமா திட்டங்கள் பிராங்க்ளின் பெயரைச் சூடிக்கொண்டு வாழ்ந்தன. ‘அன்று போட்ட ஒரு லட்சம் இன்று எவ்வளவு தெரியுமா’ என்று சொல்லப்படும் கதைகளில் பல இந்த இரண்டைப் பற்றியவை. அதே சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் 1989 நவம்பரில் ஒரு மியூச்சுவல் ஃபண்ட் தொடங்கியது. அன்று போட்ட ஒரு லட்சத்தைப் பற்றி யாரும் கதை சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் பெயரில் இன்று ஒரு திட்டமும் இல்லை.

இப்போது, மறைந்தவற்றை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் எவ்வளவு மாறும் என்று பார்க்கலாம். கீழே வருபவை என் கற்பனை எண்கள். புரிவதற்காக முழு எண்ணாக வைத்திருக்கிறேன்.

பத்து வருடத்துக்கு முன் ஒரு பிரிவில் பத்துத் திட்டங்கள் இருந்தன. இன்று ஆறுதான் இருக்கின்றன. அவற்றின் ஆண்டு வருமானம் முறையே 14, 13, 12, 11, 10, 9 சதவீதம். சராசரி 11.5. அதே பத்து வருடத்தில் சந்தைக் குறியீட்டெண் தந்தது 10.5 சதவீதம். அட்டவணையைப் பார்ப்பவர் என்ன முடிவுக்கு வருவார்? ஆறில் நான்கு திட்டங்கள் குறியீட்டெண்ணைத் தாண்டியிருக்கின்றன. சராசரியாகவே ஒரு சதவீதம் கூடுதல். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலும் ஜெயிக்கும் வாய்ப்புதான் அதிகம்.

மீதி நான்கு என்ன ஆயின? நடுவழியில் வேறு திட்டங்களோடு இணைக்கப்பட்டன. அவற்றில் பணம் போட்டவர் வெளியேறாமல், இணைத்த இடத்திலேயே தொடர்ந்திருந்தால், இணைப்புக்கு முந்தைய நஷ்டத்தையும் பிந்தைய லாபத்தையும் சேர்த்துப் பத்து வருடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது 8, 7, 6, 5 சதவீதம் என்று வைப்போம். இப்போது பத்துத் திட்டங்களின் சராசரி 9.5. குறியீட்டெண்ணைவிட ஒரு சதவீதம் குறைவு. தாண்டியவை பத்தில் நான்கு.

ஒரு லட்சத்தை 11.5 சதவீதத்தில் பத்து வருடம் விட்டால் ஏறத்தாழ 2 லட்சத்து 97 ஆயிரம் ஆகும். 9.5 சதவீதத்தில் 2 லட்சத்து 48 ஆயிரம். அட்டவணை காட்டுவது முதல் தொகையை. அந்தப் பத்தில் ஒன்றைத் தெரியாமல் தொட்டவர்களுக்குச் சராசரியாகக் கிடைத்தது இரண்டாவதை ஒட்டியது.

இதே உதாரணத்தில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 9 சதவீதம் தந்த திட்டம் அட்டவணையில் ஆறில் ஆறாவது; கடைசி. உண்மையில் அது பத்தில் ஆறாவது. அதாவது, சராசரி செயற்கையாக உயர்ந்துவிடுவதால், பிழைத்திருக்கும் சுமாரான திட்டம் தன் தகுதியைவிட மோசமாகத் தெரிகிறது. ‘என் ஃபண்ட் பிரிவுச் சராசரியைத் தாண்டவில்லை’ என்று மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இதை யோசிக்கலாம். ஆகவே ‘எல்லாத் திட்டங்களும் ஊதிக் காட்டப்படுகின்றன’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது சரியல்ல. ஊதிப் பெரிதாவது பிரிவின் சராசரி, நிறுவனத்தின் மொத்தப் பெருமை, ‘நிதி மேலாளர்கள் சந்தையை வெல்கிறார்கள்’ என்ற பொதுக் கருத்து, இவையே.

அமெரிக்காவில் இதை உண்மையான எண்களோடு அளந்திருக்கிறார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் பர்ட்டன் மால்கியல் 1995இல் வெளியிட்ட கட்டுரை இதில் முக்கியமானது. 1982 முதல் 1991 வரையிலான பத்து வருடத்தை எடுத்துக்கொண்டார். 1991இல் உயிரோடு இருந்த பொதுப் பங்குத் திட்டங்களின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 17.1 சதவீதம். இடையில் மறைந்தவற்றையும் சேர்த்தபோது அது 15.7 ஆக இறங்கியது. எஸ் அண்ட் பி 500 குறியீட்டெண் அதே காலத்தில் தந்தது 17.5. பிழைத்தவற்றை மட்டும் பார்த்தால், குறியீட்டெண்ணைத் தொட்டுவிடும் தூரத்தில் நிற்கிறார்கள், செலவைக் கழித்தால் சமம் என்றுகூட வாதாடலாம். எல்லாவற்றையும் பார்த்தால் அந்த வாதத்துக்கு இடமில்லை.

அடுத்த வருடமே எல்டன், குருபர், பிளேக் என்ற மூவர் வேறு வழியில் இதையே ஆராய்ந்தார்கள். அவர்களுடைய வழிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1976ஆம் ஆண்டின் கடைசியில் இருந்த திட்டங்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றும் அதன் பிறகு என்ன ஆனது என்று முன்னோக்கி நடந்தார்கள். ஒரு திட்டம் இன்னொன்றில் இணைந்தால், அதில் இருந்த முதலீட்டாளரின் பணம் எங்கே போனதோ அங்கே இவர்களும் போனார்கள். மறைந்தவற்றை விட்டுவிட்டால் வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் வரை வருமானம் கூடித் தெரியும் என்பது அவர்கள் கண்டது. ‘பிழைத்தவர் சாய்வு’ என்று ஆய்வாளர்கள் சொல்வது இதைத்தான்.

முன்னோக்கி நடப்பதற்குப் பழைய பட்டியல் வேண்டுமே. அதைச் சேர்ப்பது லேசான வேலையாக இருக்கவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த மார்க் கார்ஹார்ட், பழைய ஆண்டு நூல்கள், முதலீட்டு இதழ்கள், வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை என்று தேடி, 1962 முதல் 1993 வரை இருந்த 1,892 பங்குத் திட்டங்களின் விவரங்களைத் திரட்டினார். அவற்றில் மூன்றில் ஒரு பங்கு 1993 முடிவதற்குள் மறைந்திருந்தன. அவர் திரட்டியதை அடித்தளமாகக் கொண்ட தரவுத்தளத்தைத்தான் இன்றும் உலகம் முழுக்க ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள்.

சராசரி ஊதுவது ஒரு பக்கம். அதைவிடப் பொல்லாத விளைவு இன்னொன்று உண்டு. ‘முன்பு ஜெயித்தவர் மறுபடியும் ஜெயிக்கிறார்’ என்ற தோற்றத்தை, திறமையே இல்லாத இடத்திலும் இது உண்டாக்கிவிடும். 1992இல் பிரவுன், கோட்ஸ்மன், இபட்சன், ராஸ் ஆகியோர் எழுதிய கட்டுரை இதைக் கணித முறைப்படி காட்டியது. கணிதத்தை விட்டுவிட்டுச் சொல்கிறேன்.

எட்டுத் திட்டங்கள். நான்கு நிதானமானவை, எப்போதும் குறியீட்டெண்ணை ஒட்டியே நகர்பவை. மற்ற நான்கும் துணிச்சல்காரர்கள். குறைந்த பங்குகளில் கொத்தாகப் பணத்தைப் போடுவார்கள். வந்தால் மலை, போனால் பள்ளம். யாருக்கும் தனித் திறமை கிடையாது, எல்லாம் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஐந்து வருடத்தில் துணிச்சல்காரர்களில் இருவர் உச்சிக்குப் போகிறார்கள், இருவர் விழுகிறார்கள். விழுந்த இரண்டிலிருந்தும் பணம் வெளியேறுகிறது. நிறுவனம் அவற்றை வேறு திட்டங்களோடு இணைத்துவிடுகிறது. அடுத்த ஐந்து வருடத்தில், ஜெயித்த இருவரில் ஒருவர் மறுபடியும் உச்சிக்குப் போகிறார், மற்றவர் விழுகிறார். அவரையும் இணைத்தாயிற்று.

பத்து வருட முடிவில் அட்டவணையில் ஐந்து பெயர்கள். நான்கு நிதானமானவை, ஒரு துணிச்சல்காரர். அந்த ஒருவர் முதல் ஐந்து வருடத்திலும் முதலிடம், இரண்டாவது ஐந்து வருடத்திலும் முதலிடம். பார்ப்பவருக்கு இது அசைக்க முடியாத சாட்சியாகத் தோன்றும். ‘ஒரு தடவை என்றால் அதிர்ஷ்டம், இரண்டு தடவையுமா?’ என்பார். நான்கு பேர் அதே விளையாட்டை ஆடி மூன்று பேர் தோற்றார்கள் என்ற தகவல் அவர் முன்னால் இல்லை. துணிச்சலான முதலீட்டு முறை பத்து வருடத்தில் எப்போதும் ஜெயிப்பதாகவும், அதில் ஆபத்து பெரிதாக ஒன்றுமில்லை என்பதாகவும் அந்த அட்டவணை சொல்லும். நிதி மேலாளரின் நேர்காணல் அடுத்த இதழில் வந்தாலும் ஆச்சரியமில்லை. பத்திரிகைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், தோற்ற மூவரையும் யாரும் பேட்டி காணப் போவதில்லை.

நிஜ உலகம் இந்த உதாரணத்தைப் போல இவ்வளவு சுத்தமாக இருக்காது. பல வருடம் தொடர்ந்து சறுக்கியவற்றை மட்டுமே மூடும் வழக்கம் இருந்தால், விளைவு எதிர்த் திசையிலும் திரும்பலாம்: முதலில் தோற்றுப் பிறகு எழுந்தவை மட்டும் மிஞ்சி, ‘விழுந்தது எழுந்தே தீரும்’ என்ற பொய்த் தோற்றம் வரும். எப்படியிருந்தாலும், ஒருவர் தொடர்ந்து ஜெயிக்கிறாரா என்று எஞ்சியிருப்பவர்களின் அட்டவணையை வைத்து முடிவு கட்ட முடியாது என்பது மாறவில்லை.

மறைந்ததெல்லாம் மோசமானது என்று எடுத்துக்கொள்வதும் தப்பு. 2018இல் மறைந்தவற்றில் பல, ஒரு வகையில் ஒரு திட்டம் என்ற விதிக்காக மறைந்தவை. ஓரளவு நல்ல வருமானம் தந்தவையும் அவற்றில் இருந்தன. நிறுவனத்தையே இன்னொருவர் வாங்கும்போது மறைபவையும் அப்படித்தான். கடன் பத்திரத் திட்டங்களில் இன்னும் வினோதமான ஒன்று நடந்தது. 2020 ஏப்ரல் 23ஆம் தேதி பிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் திட்டங்களை ஒரே நாளில் மூடுவதாக அறிவித்தது. முதலீட்டாளர்கள் பணத்தை எடுக்க முடியாமல் மாதக்கணக்கில் தவித்தார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிறகு பத்திரங்கள் படிப்படியாக விற்கப்பட்டு, மொத்தமாகப் பார்த்தால், மூடிய நாள் மதிப்பைவிடக் கூடுதலாகவே பணம் திரும்பி வந்தது. வருமானக் கணக்கில் அது பெரிய தோல்வி அல்ல. ஆனால் அவசரத்துக்குப் பணம் கிடைக்காமல் போன அனுபவத்தை எந்த வருமானப் பத்தியும் காட்டாது. இன்றைய கடன் திட்டங்களின் அட்டவணையிலோ அந்த ஆறும் இல்லவே இல்லை.

காலம் நீள நீளச் சாய்வு கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரு வருட அட்டவணையில் மறைந்தவை ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். அங்கே இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. பத்து வருட, பதினைந்து வருட அட்டவணையில்தான் ஓட்டை பெரிது. ‘குறுகிய கால எண்களைப் பார்க்காதீர்கள், நீண்ட கால வருமானத்தைப் பாருங்கள்’ என்று நாங்கள் எல்லோரும் எழுதிக்கொண்டே இருக்கிறோம். நல்ல அறிவுரைதான், ஆனால் வாசகரை அதிகச் சாய்வுள்ள பத்திக்கு அனுப்பி வைக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மறைந்தவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் அறிக்கை இந்தியாவுக்கும் இருக்கிறது. எஸ் அண்ட் பி டௌ ஜோன்ஸ் இண்டைசஸ் நிறுவனம் ‘ஸ்பைவா இந்தியா’ என்ற பெயரில் வெளியிடும் ஒப்பீடு அது. இலவசமாகவே படிக்கலாம். அதில் பத்து வருட ஒப்பீடு என்றால், பத்து வருடத்துக்கு முன் அந்தப் பிரிவில் இருந்த எல்லாத் திட்டங்களும் வகுக்கும் எண்ணாக நிற்கும். இடையில் மூடப்பட்டதோ இணைக்கப்பட்டதோ குறியீட்டெண்ணைத் தாண்டியதாகக் கணக்கில் வராது. தொடக்கத்தில் இருந்தவற்றில் எத்தனை சதவீதம் பிழைத்தன, எத்தனை தன் பாணியை மாற்றாமல் இருந்தன என்பதற்குத் தனி அட்டவணையே உண்டு. ஒரு பிரிவின் பெயரைச் சொல்லி யாராவது ‘பெரும்பாலான திட்டங்கள் சந்தையைத் தாண்டிவிட்டன’ என்றால், அந்த இரண்டு எண்களையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

சொந்தமாகப் பார்க்க விரும்புகிறவருக்கு ஆம்ஃபியின் இணையதளம் போதும். 2006 ஏப்ரல் முதல் ஒவ்வொரு நாளும் எந்தெந்தத் திட்டம் என்ன என்.ஏ.வி. அறிவித்தது என்ற பழைய பதிவு அங்கே இருக்கிறது. பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு வேலை நாளைத் தேர்ந்தெடுத்து, திறந்த முனைப் பங்குத் திட்டங்களை மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். ஒரே திட்டத்துக்கு குரோத், டிவிடெண்ட், டைரக்ட், ரெகுலர் என்று பல வரிகள் இருக்கும். ரெகுலர் குரோத் வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடலாம். இன்றைய பட்டியலையும் அதேபோல் எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒப்பிடும்போது பெயரை நம்பினால் ஏமாறுவீர்கள், ஏனென்றால் 2018இல் பாதிப் பெயர்கள் மாறிவிட்டன. ஒவ்வொரு வரியின் முன்னாலும் உள்ள குறியீட்டு எண்ணைப் பாருங்கள். பெயர் மாறினாலும் அது பெரும்பாலும் மாறாது. குறிப்பிட்ட தேதியில் முடிவதற்கென்றே தொடங்கிய மூடிய முனைத் திட்டங்கள் தவறி உள்ளே வந்திருந்தால் அவற்றை விட்டுவிட வேண்டும். அவை மறைந்தது தோல்வியால் அல்ல, தவணை முடிந்ததால்.

இரண்டு பட்டியலையும் கழித்துப் பார்த்தால் பழைய பட்டியலில் மட்டும் உள்ள பெயர்கள் மிஞ்சும். ஒவ்வொன்றும் எதனோடு இணைந்தது என்பது அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பில் இருக்கும். இணைப்புக்கு முந்தைய ஐந்து வருட என்.ஏ.வி.யையும் அதே தளத்தில் எடுத்து, குறியீட்டெண்ணோடு பக்கத்தில் வைக்கலாம். ஒரு பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடிகிற வேலை. முகவரிடம் கேட்பதாக இருந்தால், ‘முதலிடத்தில் எது?’ என்று கேட்பதோடு, ‘பத்து வருடத்துக்கு முன் இந்தப் பிரிவில் எத்தனை திட்டம் இருந்தது, உங்கள் நிறுவனம் இதுவரை எவற்றை மூடியது?’ என்றும் கேட்டுப் பார்க்கலாம். முதல் கேள்விக்குச் செயலியைத் திறந்து உடனே பதில் சொல்வார். இரண்டாவதற்குப் பதில் வீட்டுக்குப் போய்த் தேடிச் சொல்கிறேன் என்றால், அந்த முகவரை விட்டுவிடாதீர்கள்.